சர்வீஸ் விழுந்த மறுநாள்: பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம் சுருக்கம் எழுதும் முறை

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, ஒருநாள் சர்வீஸ் விழும். ராத்திரி முழுக்க நாலைந்து பேர் உட்கார்ந்து அதைத் தூக்கி நிறுத்துவார்கள். மறுநாள் காலை, “கால்ல நீயும் இருந்தியே, போஸ்ட்மார்ட்டம் நீயே எழுதிடு” என்று வேலை உங்களிடம் வரும். சர்வீஸ் ஏன் விழுந்தது, எப்படி எழுந்தது என்று சொல்லும் அந்த முழு அறிக்கை பத்துப் பதினைந்து பக்கம் போகும். ஆனால் பெரும்பாலானவர்கள் படிப்பது அதன் முதல் பக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை மட்டும்தான். பக்கத்து டீம் இன்ஜினியரும் அதைத்தான் படிப்பார், உங்கள் மேனேஜருக்கு மேலே இருக்கும் மேனேஜரும் அதைத்தான் படிப்பார். அந்த ஒரு பக்கத்தை எழுதும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

பழகுவதற்கு உண்மையாக நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரி 31 அன்று, இன்ஜினியர்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் அழிந்தது. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் பொதுவில் எழுதியது. அதனால் உள்ளே என்ன நடந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

நடந்தது இதுதான். அன்று மாலை டேட்டாபேஸில் லோடு ஏறியது. ஸ்பேம் காரணமாக இருக்கலாம் என்று நினைத்தார்கள். லோடு ஏறியதால் முதன்மை டேட்டாபேஸின் நகலான இரண்டாம் சர்வர் பின்தங்கி, கடைசியில் ரெப்ளிகேஷன் நின்றேபோனது. அதை மறுபடி ஓட்ட, இரண்டாம் சர்வரில் இருக்கும் பழைய டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டு `pg_basebackup` என்ற கருவியால் முதன்மையிலிருந்து புது நகல் எடுக்க வேண்டும். இன்ஜினியர் அதைச் செய்தார். கருவி எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றது. செட்டிங்குகளை மாற்றிப் பார்த்தும் நகரவில்லை. முந்தைய முயற்சிகளில் ஏதாவது ஃபைல் மிச்சம் விழுந்து தடுக்கிறதோ என்று எண்ணி, டைரக்டரியை மறுபடி அழிக்கப் போனார். அந்தக் கட்டளை ஓடியது இரண்டாம் சர்வரில் இல்லை, முதன்மையில். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டிருந்தது.

இதைப் படித்ததும் “சர்வர் பேரைப் பார்க்காம அழிச்சிட்டார்” என்று ஒரு வாக்கியம் மனதில் தானாக வந்திருக்கும். எனக்கும் முதலில் அதுதான் வந்தது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் அதை எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. “இனி பார்த்துச் செய்யுங்கள்” என்பதைத் தவிர அடுத்து எழுத எதுவும் மிஞ்சாது.

முதலில் டைம்லைன், பிறகுதான் எழுத்து

சுருக்கத்தை நேரடியாக எழுத உட்காராதீர்கள். சம்பவம் முடிந்து ஓரிரு நாளுக்குள் டைம்லைனைச் சேர்த்துவிடுங்கள். அதற்குமேல் போனால் ஆளாளுக்கு நினைவு மாறும்; சாட் பதிவுகளும் லாக்குகளும்கூட சில இடங்களில் காணாமல் போகும். ஒவ்வொரு வரியிலும் நேரம், என்ன நடந்தது, அது எங்கிருந்து தெரிந்தது (லாக், அலர்ட், சாட், ஒருவர் சொன்னது) ஆகிய மூன்றும் இருக்கட்டும். நேரம் எல்லாம் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும். கிட்லேப் சம்பவத்தில் டைரக்டரி அழிந்தது யூ.டி.சி. கணக்கில் இரவு 23:30 வாக்கில். நம் ஊர்க் கணக்கில் அது மறுநாள், பிப்ரவரி 1, விடியற்காலை 5 மணி. இரண்டு கணக்கையும் கலந்து எழுதிய டைம்லைனில் விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்காக ஆட்களிடம் பேச வேண்டியிருக்கும். அறிக்கை எந்த மொழியில் இருந்தாலும், நம் அலுவலகங்களில் இந்தப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது, பழி முதலில் நுழைவதும் இங்கேதான். “ஏம்ப்பா, செக் பண்ணாமலா ஓட்டினே?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார், அதற்குப் பிறகு உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது. “ஏன்” என்று தொடங்காமல், “அப்போ உங்க ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். “அது நின்னப்போ என்னன்னு நினைச்சீங்க?”, “வேற என்ன வழி இருக்குன்னு தோணுச்சு?” என்பவையும் நல்ல கேள்விகள். அந்த நிமிடத்தில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

கிட்லேப் சம்பவத்தில் அப்படித் தேடியபோது ஒரு முக்கியமான விஷயம் வெளிவந்தது. `pg_basebackup` கெட்டுப்போய் நிற்கவில்லை. முதன்மை சர்வர் டேட்டா அனுப்பத் தொடங்கும் வரை அது சத்தமில்லாமல் காத்திருக்கும், அதன் இயல்பே அதுதான். இது அப்போது அங்கே இல்லாத வேறொரு இன்ஜினியருக்குத் தெரிந்திருந்தது. நிறுவனத்தின் வழிமுறைக் குறிப்பான ரன்புக்கில் இல்லை, கருவியின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் தெளிவாக இல்லை. இந்த ஒரு தகவல் கிடைத்ததும் அழித்தவரின் முடிவு புரியத் தொடங்குகிறது, திருத்த வேண்டிய ஒரு பொருளும் கையில் கிடைக்கிறது.

முதல் பத்தியில் பாதிப்பு

சுருக்கத்தின் முதல் மூன்று நான்கு வரியில் காரணம் வேண்டாம். பயனருக்கு என்ன ஆனது, எவ்வளவு நேரம், என்ன திரும்பி வந்தது, என்ன வரவே வராது என்பதை மட்டும் எழுதுங்கள். மேனேஜர் அதோடு நிறுத்திவிட்டாலும் வாடிக்கையாளரிடம் சரியான தகவல் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

பாதிப்பை சிஸ்டத்தின் பக்கமிருந்து எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. “முதன்மை டேட்டாபேஸ் 18 மணி நேரம் இயங்கவில்லை” என்று படித்தால் மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. கிட்லேப் கணக்குப்படி சுமார் 5,000 ப்ராஜெக்டுகளும் 5,000 கமென்டுகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. ஆனால் பயனர்களின் கோடு, அதாவது கிட் ரெபாசிட்டரிகள், அழியவில்லை. அந்த நேரத்தில் அவற்றைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். “என்ன அழியவில்லை” என்ற இந்த வரியை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

சரியான எண் கிடைக்காவிட்டால் “சுமார்” என்று போடுங்கள். குறைத்துக் காட்ட “சிறிது நேரம்”, “சில பயனர்கள்” என்று எழுதாதீர்கள். பின்னால் எண் வெளிவரும்போது மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பழி வந்து குந்தும் இடமும் உண்மை நழுவும் இடமும் இதுவே.

தமிழில் ஒரே நிகழ்வை மூன்று விதமாகச் சொல்லலாம். “அவர் டேட்டாவை அழித்துவிட்டார்” என்றால் முழுப் பாரமும் ஒருவர் தலையில். “டேட்டா அழிந்துவிட்டது” என்றால் மழை பெய்தது போல் தானாக நடந்தது என்றாகிறது. “டேட்டா அழிக்கப்பட்டது” என்றால் யாரோ செய்தார்கள், ஆனால் சொல்ல மாட்டோம் என்று ஒளிக்கும் தொனி. பழி சுமத்தக் கூடாது என்று கேள்விப்பட்ட புதியவர் பயந்துபோய் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் ஒளிந்துகொள்கிறார். அப்போது ஒரு மனிதர் ஒரு முடிவெடுத்தார் என்ற உண்மையே அறிக்கையிலிருந்து மறைந்துவிடுகிறது. படிக்கும் இன்ஜினியருக்கு அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது.

ஆளை வைத்தே எழுதுங்கள், பெயரை மட்டும் வைக்காதீர்கள். கூடவே அவர் கண்ட காட்சியையும் எழுதுங்கள். முதல் வரைவில் இப்படி இருக்கும் என்று வையுங்கள்:

“இன்ஜினியர் கவனக்குறைவாகத் தவறான சர்வரில் கட்டளையை ஓட்டி, முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். சர்வர் பெயரைச் சரிபார்த்திருக்க வேண்டும்.”

“கவனக்குறைவாக” என்பது தகவல் அல்ல, தீர்ப்பு. அடித்துவிடுங்கள். “தவறான” என்பது பின்னால் தெரியவந்த ஒன்று. அந்த நேரத்தில் அவருக்கு அது சரியான சர்வர். “சரிபார்த்திருக்க வேண்டும்” என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய வாக்கியம், நடந்ததை அது விளக்கவில்லை. மூன்றையும் எடுத்துவிட்டு மாற்றினால்:

“நகலெடுக்கும் கருவி பலமுறை எந்தச் செய்தியும் தராமல் நின்றது. முந்தைய முயற்சிகளின் ஃபைல்கள் தடுக்கின்றன என்று கருதிய பணியிலிருந்த இன்ஜினியர், இரண்டாம் சர்வரில் இருப்பதாக நினைத்து டேட்டா டைரக்டரியை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அது முதன்மை சர்வரில் ஓடியது. ஓரிரு நொடியில் அவரே கவனித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி அழிந்திருந்தது.”

நீளம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. இதில் ஒன்றும் மறைக்கப்படவில்லை, ஆனால் படிப்பவர் கையில் இப்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கருவி ஏன் பேசாமல் நின்றது? இரண்டு சர்வர்களும் ஸ்கிரீனில் ஏன் வேறு வேறாகத் தெரியவில்லை? சர்வர்களையும் சூழல்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி கட்டளை வரியின் ப்ராம்ப்டை மாற்றுவது கிட்லேப் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று.

உங்கள் வரைவில் தேட வேண்டிய சொற்களையும் சொல்லிவிடுகிறேன்: கவனக்குறைவு, அலட்சியம், அவசரப்பட்டு, வெறுமனே, “-இருக்க வேண்டும்”, “-இருக்கலாம்”. இவை வரும் இடத்தில் எல்லாம் ஒரு தகவல் விடுபட்டிருக்கும். அதேபோல் “நடைமுறை பின்பற்றப்படவில்லை” என்பதும் பழிதான், அலுவலக உடை போட்டுக்கொண்டு வந்த பழி. அந்த நடைமுறை எங்கே எழுதியிருக்கிறது, ராத்திரி நேரத்தில் அதைத் திறந்து படிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு, அதை எழுதுங்கள்.

பெயரை எடுத்துவிட்டாலே போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நான் எழுதிய முதல் போஸ்ட்மார்ட்டத்தில் “இரவுப் பணி இன்ஜினியர்” என்று கவனமாக எழுதியிருந்தேன். எங்கள் டீமில் இரவுப் பணியில் இருந்தது ஒரே ஒருவர். அவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வாக்கியம் முழுக்கப் பழியாக இருந்தது, மேலே பெயர் மட்டும் இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அறிக்கையை வேறு யாருக்கும் அனுப்புவதற்கு முன், சம்பந்தப்பட்டவரிடம் காட்டி, “அந்த நேரத்துல உங்களுக்கு இப்படித்தான் தெரிஞ்சுதா?” என்று கேட்டுவிடுவேன். பாதி நேரம் அவர் ஒரு வரியைத் திருத்துவார், அந்தத் திருத்தத்தில் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கும்.

ஏன் உடைந்தது, ஏன் உடனே சரியாகவில்லை

காரணப் பகுதியில் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எழுதுங்கள். புதியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கிட்லேப் சம்பவத்தில் பெரிய பாடம் இரண்டாவதில்தான் இருந்தது. ஒரு டைரக்டரி அழிந்ததற்கும் சர்வீஸ் சுமார் 18 மணி நேரம் படுத்துக்கிடந்ததற்கும் இடையில் பேக்கப் என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமே. அது எங்கே போனது?

தினமும் `pg_dump` ஓடி, பேக்கப் அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குப் போவதாக ஏற்பாடு. தேடிப் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. ஏன்? டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6 பதிப்பு; பேக்கப்போ 9.2 பதிப்பின் `pg_dump`-ஐக் கொண்டு ஓடியது, அதனால் பிழை காட்டி நின்றது. ஏன் 9.2? டேட்டாபேஸ் சர்வரில் ஓடாமல் அப்ளிகேஷன் சர்வரில் ஓடியதால், டேட்டா டைரக்டரியைப் பார்த்துப் பதிப்பை அறிய வழியில்லாமல் இயல்புப் பதிப்பை எடுத்துக்கொண்டது. பிழை ஏன் யாருக்கும் தெரியவில்லை? பிழைச் செய்தி ஈமெயிலாகத்தான் வரும். அந்த மெயில்களில், அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்யும் டிமார்க் சரிபார்ப்பு அமைக்கப்படாததால் பெறும் பக்கம் அவற்றைத் தள்ளிவிட்டது. பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்க்கும் சோதனை ஏன் நடக்கவில்லை? அந்த வேலைக்கென்று பொறுப்பாளரே இல்லை.

ஒவ்வொரு “ஏன்”-உம் ஒரு மனிதரிடமிருந்து விலகி, ஒரு கருவிக்கோ அமைப்புக்கோ போவதைப் பாருங்கள். சங்கிலியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எப்போதும் வரும். நான் வைத்திருக்கும் அளவு இது: கடைசிப் பதில் உங்கள் நிறுவனம் மாற்றக்கூடிய ஒன்றாக இருந்தால் நிறுத்துங்கள். பதில் ஒரு மனிதரின் குணமாக இருந்தால் இன்னொரு “ஏன்” பாக்கி இருக்கிறது. “பொறுப்பாளர் இல்லை” என்பது மேனேஜர்களுக்குக் கொஞ்சம் கசக்கும், ஏனென்றால் பொறுப்பாளரை நியமிப்பது அவர்கள் வேலை. அதையும் அதே நிதானத்தோடு எழுதுங்கள். கீழே இருப்பவருக்கு ஒரு நியாயம், மேலே இருப்பவருக்கு வேறு நியாயம் என்றிருக்கக் கூடாது.

ஒரே ஒரு மூலகாரணம் கேட்டு உங்களை நெருக்குவார்கள். இந்தச் சம்பவத்தில் எது மூலகாரணம்? ஸ்பேம் லோடா, கருவியின் மௌனமா, ஒரே மாதிரி தெரிந்த சர்வர்களா, காலியான பேக்கப்பா? இவற்றில் எது இல்லாமல் இருந்திருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். “பங்களித்த காரணங்கள்” என்று பன்மையிலேயே தலைப்பு வையுங்கள்.

எது காப்பாற்றியது என்பதையும் எழுத வேண்டும். அன்று யூ.டி.சி. கணக்கில் 17:20-க்கு, வேறொரு சோதனை வேலைக்காக, ஒரு இன்ஜினியர் டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட்டைக் கையால் எடுத்து, சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கில் ஏற்றியிருந்தார். வழக்கமாக அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக நடக்கும். கையால் எடுத்தது இருந்ததால்தான் இழப்பு சுமார் ஆறு மணி நேரத்து டேட்டாவோடு நின்றது. இதை “அதிர்ஷ்டம்” என்று அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர், ஏதோ ஒரு பாதுகாப்பு வேலை செய்தது என்று நினைத்துக்கொள்வார். ஸ்டேஜிங்கின் டிஸ்க் மெதுவானது; மீட்பு நீண்டதற்கு அதுவே பெரிய காரணம்.

நடவடிக்கைகள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, முடிந்ததா என்று பார்த்துச் சொல்லும் வழி. இங்கேயும் வினைச்சொல்லைப் பாருங்கள். “பேக்கப்பில் கூடுதல் கவனம் செலுத்தப்படும்” என்றால் அது என்று முடியும்? “தினமும் பேக்கப்பைத் தனி சர்வரில் ஏற்றி, ஏறாவிட்டால் ஆன்-காலில் இருப்பவருக்கு அலர்ட் போக வேண்டும்” என்றால் முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். “அனைவருக்கும் பயிற்சி” என்ற நடவடிக்கை மட்டும் மிஞ்சியிருந்தால், காரணப் பகுதியில் பழி இன்னும் ஒளிந்திருக்கிறது, திரும்பிப் போய்த் தேடுங்கள். மூன்று நான்குக்கு மேல் சுருக்கத்தில் வைக்க வேண்டாம். மீதி முழு அறிக்கையில் இருக்கட்டும்.

இது நடந்து சுமார் ஒரு மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 விழுந்தது. எழுதியிருந்த வழிமுறையின்படி சில சர்வர்களை எடுக்கக் கட்டளை கொடுத்தபோது ஒரு உள்ளீடு தவறாகி, நினைத்ததைவிட அதிக சர்வர்கள் போய்விட்டன. அவர்கள் அறிவித்த மாற்றம்: அந்தக் கருவி இனி மெதுவாகவே சர்வர்களை எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்படி இருந்தால் எடுக்காது. விரல் பிழைக்கு எழுதக்கூடிய நடவடிக்கைக்கு இது நல்ல மாதிரி.

எல்லாம் சேர்ந்த ஒரு சுருக்கம்

கிட்லேப் சம்பவத்துக்கு நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். இது என் சொற்கள், அவர்களுடைய அறிக்கை இல்லை.

> பாதிப்பு: ஜனவரி 31 இரவு 23:30 (யூ.டி.சி.) வாக்கிலிருந்து மறுநாள் மாலை 18:00 வாக்கு வரை தளம் கிடைக்கவில்லை. 31-ஆம் தேதி 17:20-க்குப் பிறகு டேட்டாபேஸில் பதிவானவை திரும்பி வராது: சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புதிய கணக்கு. கிட் ரெபாசிட்டரிகளும் விக்கிகளும் இழக்கப்படவில்லை.
>
> நடந்தது: லோடு ஏறியதால் இரண்டாம் டேட்டாபேஸின் ரெப்ளிகேஷன் நின்றது. அதை மீண்டும் தொடங்கும்போது நகலெடுக்கும் கருவி செய்தியின்றி நின்றது. முந்தைய முயற்சிகளின் ஃபைல்கள் தடுப்பதாகக் கருதிய இன்ஜினியர், இரண்டாம் சர்வரில் இருப்பதாக எண்ணி டேட்டா டைரக்டரியை அழித்தார். கட்டளை முதன்மையில் ஓடியது.
>
> பங்களித்த காரணங்கள்: கருவி காத்திருக்கும் என்பது ரன்புக்கில் இல்லை. இரு சர்வர்களின் ப்ராம்ப்டும் போதுமான அளவு வேறுபடவில்லை. தினசரி பேக்கப் பதிப்பு முரண்பாட்டால் தோற்றுவந்தது. தோல்வி மெயில்கள் வந்துசேரவில்லை. மீட்புச் சோதனைக்குப் பொறுப்பாளர் இல்லை.
>
> காப்பாற்றியது: வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட். இது ஏற்பாடு அல்ல, அதிர்ஷ்டம்.
>
> நடவடிக்கைகள்: மீட்புப் பொறுப்பாளர் நியமனம். பேக்கப்பைத் தினமும் ஏற்றிப் பார்க்கும் தானியங்கிச் சோதனை, தோற்றால் அலர்ட். ப்ராம்ப்டில் சர்வரும் சூழலும் தெளிவாகத் தெரியச் செய்தல். (ஒவ்வொன்றுக்கும் பெயரும் தேதியும்.)

பெயர் வர வேண்டிய ஒரே இடம் அந்தக் கடைசி அடைப்புக்குறிதான். நடந்ததைச் சொல்லும் இடத்தில் பெயர் பழியாகிறது. செய்யப்போவதைச் சொல்லும் இடத்தில் அதே பெயர் வாக்குறுதியாகிறது.

அனுப்பும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள், அந்தக் கட்டளையைக் கொடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு. எந்த வரியில் குரல் தயங்குகிறதோ அதைத் திருத்துங்கள். அதன்பின் சம்பவத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத பக்கத்து டீம் ஆள் ஒருவரிடம் கொடுத்து, “இதுல யாரு தப்பு?” என்று கேளுங்கள். அவர் ஒரு ஆளைக் காட்டினால் ‘நடந்தது’ பத்தியை மறுபடி எழுத வேண்டும். “அந்த பேக்கப் மெயில் எங்களுக்கும் வருதான்னு பாக்கணும்” என்று எழுந்து போனால், அனுப்பிவிடலாம்.